நல வாரிய அட்டையைப் புதுப்பிக்கிறேன் என்று பணம் வாங்குகிறவர்களிடம் கவனம்

எங்கள் அண்ணன் கொத்தனார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உறுப்பினர். 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஊரில் ஒரு ஆன்லைன் சென்டர்காரர் "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, சில நாளில் ஒரு தாளை லேமினேட் போட்டுக் கொடுத்தார். அண்ணன் அதைப் புது அட்டை என்றே நினைத்துப் பத்திரமாக வைத்திருந்தார்.

தமிழ்நாட்டில் இந்த வாரியத்தில் பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் அரசு கட்டணம் வாங்குவதில்லை. தட்டச்சு செய்து கொடுத்ததற்கு ஐம்பதோ நூறோ வாங்கினால் சரி, நியாயம். 1,500 எதற்கு?

மகள் கல்லூரியில் சேர்ந்ததும் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பதிவு காலாவதியாகிவிட்டது என்றார்கள். லேமினேட் போட்ட தாளைக் காட்டினோம். அது அட்டையே இல்லை, விண்ணப்பம் போட்டதற்கான வெறும் ஒப்புகைச் சீட்டு. பணிச் சான்றில் சான்றளித்தவர் கையெழுத்து இல்லை என்று விண்ணப்பத்தை எப்போதோ திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தத் தகவல் எங்களுக்கு வரவே இல்லை. காரணம், விண்ணப்பத்தில் இருந்தது அண்ணன் செல்போன் எண் இல்லை, சென்டர்காரர் எண். ஓடிபி, குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குத்தான் போயிருக்கிறது. அவரிடம் கேட்டால், "நூறு பேருக்குப் போடுறேன், யாருடையதுன்னு பார்க்க முடியுமா?" என்கிறார். பணமும் திரும்பவில்லை.

உதவித்தொகை நின்றதால் இப்போதாவது தெரிந்தது. இல்லையென்றால் அண்ணன் 60 வயதில் ஓய்வூதியம் கேட்கும்போதுதான் தெரிந்திருக்கும். சாரத்திலிருந்து விழுந்து ஏதாவது ஆகியிருந்தால் விபத்து உதவிக்கும் அண்ணி இந்தத் தாளைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்திருப்பார்.

மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகம் இருக்கிறது. ஆதார், பழைய அட்டை, வங்கிப் புத்தகத்தோடு நேரில் போய் முதலில் செல்போன் எண்ணை மாற்றச் சொன்னோம். அப்புறம் பணிச் சான்றில் கையெழுத்து வாங்கி மறுபடி விண்ணப்பித்தோம். இப்போது பதிவு உயிரோடு இருக்கிறது. அந்த வருட உதவித்தொகை போனது போனதுதான்.

யாராவது போட்டுக் கொடுத்திருந்தால், கையில் இருக்கும் தாளை எடுத்துப் பாருங்கள். விண்ணப்ப எண் மட்டும் இருந்தால் அது ஒப்புகைச் சீட்டு. பதிவு எண்ணும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதும் இருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்து tnuwwb.tn.gov.in தளத்திலோ அலுவலகத்திலோ நிலையைச் சரிபார்த்துவிடலாம். விண்ணப்பிக்கும்போது ஓடிபி உங்கள் செல்போனுக்கு வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கைத்தறி நெசவாளர்களுக்கும் இதே தளம்தான். மீனவர் வாரியம் மீன்வளத் துறையின் கீழ் வருகிறது, அவர்கள் அங்கே போய்க் கேட்க வேண்டும்.