செக்குக் காணொளியை நம்பி வாங்கிய எண்ணெய்: இரண்டு ஆண்டு அனுபவம்

கடலூர் முதுநகரில் இருக்கும் என் தோழி, நான் வாங்கும் மரச்செக்கு மல்லாட்டை எண்ணெயை, அதாவது நிலக்கடலை எண்ணெயை, தானும் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். விலைக்கு நியாயம் சொல்லி அந்தச் செக்குக்காரர்கள் வெளியிட்ட காணொளியை அவரும் பார்த்துவிட்டார். லிட்டர் 340 ரூபாய் என்ற விலை மட்டும் அவரை யோசிக்க வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக மாதம் மூன்று லிட்டர் வாங்கியவள் என்பதால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

காணொளியில் எனக்குப் பிடித்தது தராசுதான். வாகை மரத்து உரலையும் மெதுவாகச் சுற்றும் உலக்கையையும் எல்லோரும் காட்டுகிறார்கள். இவர்களோ போடும் பருப்பையும், வடியும் எண்ணெயையும், மிஞ்சும் பிண்ணாக்கையும் நம் கண் முன்னே எடை போடுகிறார்கள். 20 கிலோ பருப்பு ஆட்டி முடிந்ததும் எண்ணெய் ஏழரை கிலோ, பிண்ணாக்கு ஏறக்குறைய 12 கிலோ. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் 910 கிராம் அளவில் நிற்கும் என்பதால், ஏழரை கிலோ என்பது எட்டு லிட்டருக்குச் சற்று மேல். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் 2,600 ரூபாய். பிண்ணாக்கை மாட்டுக்காரர்களுக்குக் கிலோ 45 ரூபாய்க்கு விற்றால் 540 ரூபாய் திரும்பிவிடும். மீதியை வகுத்தால் பருப்புச் செலவே லிட்டருக்கு 250 ரூபாயாகிறது. கூலி, மின்சாரம், பாட்டில், வரி, வாடகை எல்லாம் மிச்சமுள்ள 90 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். பிண்ணாக்கு வருமானத்தை மறைத்துவிட்டு விலையை நியாயப்படுத்துவோர் பலர் இருக்க, இவர்கள் அதையும் காட்டியிருப்பதால் 340 ரூபாய் கொள்ளை விலை அல்ல என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

என் மனத்தாங்கல் அதற்கடுத்த காட்சியில் தொடங்குகிறது. செக்கிலிருந்து வடியும் எண்ணெய் அடுத்த நொடியே தெளிந்த பொன்னிறத்தில் பாட்டிலுக்குள் விழுகிறது. உண்மையில் அப்படி நடக்காது. ஆட்டும்போது எண்ணெய் பிரிவதற்காகச் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த ஈரமும் பருப்பின் நுண்துகளும் எண்ணெயோடு கலந்தே வடியும். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வாய்கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்தால்தான் ஈரம் போய், மண்டி அடியில் படிந்து, மேலெண்ணெய் தெளியும். விலைக்கு நியாயம் சொல்ல வந்த காணொளி, தரத்தைத் தீர்மானிக்கும் இந்த மூன்று நாளைத்தான் வெட்டிவிட்டது.

சித்திரை, வைகாசியில் வந்த பாட்டில்களில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மூடியைத் திறந்தால் புதிதாக வறுத்த மல்லாட்டையின் மணம் அடுக்களை முழுவதும் பரவியது. ஐப்பசியில் மழை பிடித்ததும் எல்லாம் மாறிவிட்டது. பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை மண்டி; வடை போட்டபோது எண்ணெய் நுரைத்து வாணலியின் விளிம்புவரை பொங்கியது. துகள்கள் கருகி இரண்டாவது ஈட்டிலேயே எண்ணெய் கறுத்தது. ஈரம் தங்கிய எண்ணெய் சீக்கிரம் கெடும் என்பதற்கேற்ப, ஒரு மாதத்திற்குள் காறல் வாடையும் வந்துவிட்டது. முதல் ஆண்டு இதைத் தற்செயல் என்று விட்டேன். மறு ஆண்டும் அதே ஐப்பசி, அதே மண்டி.

நேரில் போய்க் கேட்டேன். "மழையில வெயிலுக்கு எங்கம்மா போறது, கலப்படம் இல்லாததாலதான் மண்டி நிக்குது" என்றார்கள். அடியில் மண்டி நிற்பதால் கலப்படம் இல்லை என்று ஆகிவிடாது; எண்ணெய் தெளியவில்லை என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். வெயில் இல்லாத நாளில் பத்துப் பதினைந்து நாள் அசையாமல் நிறுத்தி வைத்து மேலெண்ணெயை மட்டும் இறுத்து எடுக்கலாம். ஈரம் முழுவதும் போகாவிட்டாலும் மண்டியாவது தங்கிவிடும். அதுவும் முடியாதென்றால், மழைக்கால எண்ணெய் என்று சொல்லி விலையைக் குறைத்திருக்கலாம். வாங்குவோர் ஆட்டிய தேதியைப் பாட்டிலில் பார்த்து, நிரப்பிய தேதியோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே நாளாக இருந்தால் எண்ணெய் தெளிய விடப்படவில்லை என்று பொருள்.

விலை நியாயமானது, தராசு பொய் சொல்லவில்லை, கோடை எண்ணெய்க்கு ஈடில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் தோழியிடம் வேண்டாம் என்றே சொன்னேன், நானும் நிறுத்திவிட்டேன். பங்குனியில் விருத்தாசலம் பக்கம் புதுப் பருப்பு வரத் தொடங்கியதும் 20 கிலோ வாங்கி, கூலிக்கு ஆட்டித் தரும் செக்கில் கொடுக்கப் போகிறேன். மூன்று நாள் வெயிலுக்கு எங்கள் மொட்டை மாடி இருக்கிறது; வாய்கட்ட இரண்டு முழம் மல் துணியும் வாங்கி வைத்துவிட்டேன்.