பாஸ்வேர்ட் கசிந்துவிட்டது என்று குரோம் சொன்னால்: சில வருடப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

குரோமில் ஏதாவது ஒரு தளத்துக்குள் நுழைந்ததும் சில சமயம் சின்னப் பெட்டி ஒன்று எட்டிப்பார்க்கும். இப்போது பயன்படுத்திய பாஸ்வேர்ட் ஒரு தகவல் கசிவில் இருக்கிறது, உடனே மாற்றுங்கள் என்று சொல்லும். 2019 டிசம்பரில் வந்த குரோம் 79 முதல் இந்த வசதி பிரௌசருக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் பல வருடமாக இதை நம்பித்தான் ஓட்டுகிறோம். நம்பலாம். ஆனால் அது சொல்வதும் நாம் புரிந்துகொள்வதும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

செங்காங்கில் இருக்கும் என் மச்சான் ஒருநாள் போன் செய்தான். "அத்தான், ஷாப்பிங் அக்கவுண்ட்ட ஹேக் பண்ணிட்டாங்க போல. குரோம் எச்சரிக்கை காட்டுது" என்றான். அவன் லேப்டாப்பில் chrome://password-manager/checkup என்று முகவரிப் பட்டையில் அடித்துப் பார்த்தோம். ஷாப்பிங் தளம் மட்டுமல்ல, பிள்ளையின் டியூஷன் தளம், ஊரில் பஸ் டிக்கெட் எடுக்கும் பழைய தளம், கடைசியில் ஜிமெயில், எல்லாமே கசிந்தவை பட்டியலில் இருந்தன. நான்கிலும் ஒரே மின்னஞ்சல், ஒரே பாஸ்வேர்ட்.

நான்கு இடங்களையும் யாரோ உடைத்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குரோம் பார்ப்பது யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்த ஜோடியை. இணையத்தில் திருடர்கள் கைமாற்றும் பட்டியல்களில் இருக்கும் பல நூறு கோடி ஜோடிகளோடு அதை ஒப்பிடுகிறது. உங்கள் பாஸ்வேர்ட் கூகிளுக்குத் தெரிய வருவதில்லை. ஜோடி மறையாக்கப்பட்டுத்தான் போகும், கூடவே யூசர்நேமிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் ஹேஷ் என்ற குறியீட்டின் ஒரு சிறு துண்டு. அந்தத் துண்டோடு பொருந்துகிற மறையாக்கிய பதிவுகள் திரும்பி வரும், அசல் ஒப்பீடு நம் கணினியிலேயே நடக்கும். ஆக, அந்த ஜோடி எங்கோ ஓரிடத்தில் கசிந்தால் போதும், அதே ஜோடி இருக்கிற எல்லாக் கணக்கும் பட்டியலில் ஏறிவிடும். எங்கே கசிந்தது என்று மட்டும் குரோம் சொல்லாது. எனக்கு இதில் பெரிய குறையாகத் தெரிவது அதுதான்.

அதற்கு Have I Been Pwned என்ற தளம் உதவும். அதில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவில், எந்த வருடம் அது இருந்தது என்று காட்டும். மச்சானுக்கு வந்த பதிலில் அந்த நான்கு தளங்களில் ஒன்றுகூட இல்லை. எப்போதோ பதிவுசெய்து மறந்தே போன ஒரு வெளிநாட்டுத் தளம்தான் இருந்தது. "அவங்க ஏன் எனக்குச் சொல்லல?" என்று கேட்டான். சிங்கப்பூரில் 500 பேரையோ அதற்கு மேலோ பாதிக்கிற கசிவு என்று நிறுவனம் மதிப்பிட்டுவிட்டால் மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தக் கட்டாயம் 2021 பிப்ரவரி 1 முதல்தான். இவன் சிக்கியது அதற்கும் முந்தைய கசிவில்.

சரி, எதை முதலில் மாற்றுவது? பட்டியலில் மேலே இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக 'மாற்று' பட்டனை அழுத்திக்கொண்டு போகத்தான் கை வரும். நாங்கள் கடைசியில் இருந்த ஜிமெயிலை முதலில் எடுத்தோம். மற்ற மூன்றுக்கும் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா' என்று கேட்டால் லிங்க் அங்கேதான் வந்து விழும். ஜிமெயில் அடுத்தவன் கையில் இருக்கும்போது மற்றதை மாற்றி என்ன பயன்?

புதிய பாஸ்வேர்டை குரோமே உருவாக்கிக் கொடுத்தது, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டோம். அதோடு வேலை முடிந்துவிடவில்லை. உள்ளே யாராவது ஏற்கெனவே வந்து போயிருந்தால் ஒரு வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதனால் ஜிமெயில் அமைப்புகளில் மின்னஞ்சலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் பகுதியையும், ஃபில்டர்கள் பகுதியையும் திறந்து பார்த்தோம். நமக்குத் தெரியாத முகவரி அங்கே இருந்தால் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் கடிதங்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கும். நல்லவேளை, எதுவும் இல்லை. மீட்பு எண்ணும் அவனுடையதுதான். சாதனங்கள் பட்டியலில் மட்டும், லிட்டில் இந்தியாவில் விற்ற பழைய போன் இன்னும் உட்கார்ந்திருந்தது. அதை வெளியேற்றினோம்.

அடுத்தது கார்டு சேமித்து வைத்திருந்த ஷாப்பிங் தளம். பல தளங்களில் பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர் உள்ளேயேதான் இருப்பார். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதைத் தனியாகத் தேடி அழுத்த வேண்டும். டெலிவரி முகவரிகளில் தெரியாதது ஏதும் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டோம்.

பஸ் டிக்கெட் தளம்தான் வம்பு பிடித்தது. பாஸ்வேர்ட் மாற்ற ஓடிபி கேட்டது, அது போவதோ எப்போதோ செத்துப்போன இந்திய எண்ணுக்கு. கார்டும் அதில் இல்லை, அந்த பாஸ்வேர்ட் இனி வேறெங்கும் இருக்கப்போவதும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு, மூன்று புள்ளி மெனுவில் எச்சரிக்கையை நிராகரித்தோம். இப்படி ஒன்றிரண்டை விடுவதில் தப்பில்லை என்பது என் கருத்து.

ஒரு வாரம் கழித்து டியூஷன் தளத்துக்கு மறுபடி அதே எச்சரிக்கை. "மாத்தியாச்சே அத்தான்!" என்றான். மாற்றியது உண்மைதான், ஆனால் போனில் இருக்கிற ஆப்பில். புதியது ஐபோனில் சேமிக்கப்பட்டது, குரோமில் பழையதே கிடந்தது. குரோம் தளத்தைப் போய்ப் பார்ப்பதில்லை, தன்னிடம் இருக்கும் பதிவைத்தான் பார்க்கிறது. அந்தப் பதிவைத் திறந்து கண் படத்தை அழுத்தினால் எது இருக்கிறது என்று தெரிந்துவிடும். பழையதாக இருந்தால் கையால் திருத்த வேண்டியதுதான். ஒரே தளத்துக்கு இரண்டு முகவரிகளில் இரண்டு பதிவுகள் இருந்தாலும் இதே கதைதான்.

என் மனைவியின் ஐபோன் காட்டுவது வேறு வகை. ஆப்பிள் ஜோடியைப் பார்ப்பதில்லை, பாஸ்வேர்டை மட்டும் பார்க்கிறது. உலகத்தில் யாரோ ஒருவர் அதே பாஸ்வேர்டை வைத்து அது கசிந்திருந்தாலும் நமக்கு எச்சரிக்கை வரும். அதற்காக அலட்சியம் செய்ய முடியாது. இப்படிக் கசிந்த சொற்களைத்தான் திருடர்கள் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் குரோம் சொன்னால் அன்றைக்கே உட்காருவேன், ஐபோன் சொன்னால் வார இறுதி வரை பொறுப்பேன். மின்னஞ்சலாக இருந்தால் மட்டும் எது சொன்னாலும் உடனே.

வங்கியைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் பயப்படுகிறார்கள். இங்கே வங்கிகள் டிஜிட்டல் டோக்கன் கேட்கின்றன, சிங்பாஸும் பாஸ்வேர்டோடு நிற்பதில்லை. அங்கே கசிந்த பாஸ்வேர்ட் மட்டும் போதாது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு காவல் எப்போதும் தானாக வந்துவிடுவதில்லை, இல்லையென்றால் நாம்தான் போட வேண்டும்.

இன்னொன்று. இதே வாசகத்தோடு திரை முழுக்க ஒரு பக்கம் திறந்து, இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று சொன்னால் அது குரோம் இல்லை. உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. தாவலை மூடிவிட்டு மேலே சொன்ன முகவரியை நாமே அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் 1799, ஸ்கேம்ஷீல்டு உதவி எண். என் மாமியார் அந்த எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியே வைத்திருக்கிறார்.