மூன்று நாளில் அரிப்பு நிற்கும் என்று விற்ற க்ரீம்: பாதி மாதச் சம்பளம் போனது, தொடையில் தழும்பு மிச்சம்

நேற்று சாயங்காலம் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து கோபம் ஆறவில்லை. பாதி மாதச் சம்பளத்தைக் கொடுத்து வியாதியை நானே வளர்த்திருக்கிறேன். கூச்சத்தில் யாரிடமும் காட்டாமல் இருக்கும் இன்னொருவர் இதே குழியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆரம்பித்தது நாலு மாதத்துக்கு முன்னால். காற்றில் ஈரம் அதிகமாக இருந்த நாட்கள், வியர்வை காயவே காயாது. வலது பக்கம் தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் நாணயம் அளவுக்கு ஒரு சிவப்புத் திட்டு. ஒரு வாரத்தில் அது விரிந்தது. ஓரம் மட்டும் கயிறு வைத்ததுபோல் லேசாக மேடிட்டு, அதன் மேல் பொடிப்பொடியாகச் செதில். நடுப்பகுதியோ ஆறிவிட்டதுபோல் பழுப்பாக இருந்தது. விதைப்பையில் ஒன்றும் இல்லை. ராத்திரி படுத்தால் அரிப்பு தாங்காது.

படர்தாமரைக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது என்று நேற்றுதான் மருத்துவர் சொன்னார். ஓரத்தில் உயிர்ப்பு, நடுவில் ஆறுதல். பூஞ்சை உள்ளிருந்து வெளியே பரவுவதால் வட்டம் அப்படி அமைகிறதாம். அந்த நாலு மாதத்துக்கு முன்னாலேயே அவரிடம் போயிருந்தால் வெறும் பூச்சு மருந்திலேயே முடிந்திருக்கும்.

நான் போகவில்லை. அந்த இடத்தைக் காட்ட வெட்கம். சருமப் பொருட்கள் மட்டுமே விற்கும் ஒரு இணையக் கடையில் 'ஆலோசகரிடம் ரகசியமாகப் பேசுங்கள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஃபோட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் பதில்: "கவலைப்படாதீங்க சார், இது சாதாரணப் பூஞ்சைதான். மூணே நாள்ல அரிப்பு நின்னுடும்." யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தவனுக்கு அந்த 'கவலைப்படாதீங்க சார்' போதுமானதாக இருந்தது. ஒரு ட்யூப் வாங்கினேன்.

இரண்டாவது ராத்திரியே அரிப்பு நின்றுவிட்டது. சிவப்பும் மங்கியது. பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தில்தான் அவர்களை முழுசாக நம்பினேன். மறுநாள் "திரும்ப வராம இருக்கணும்னா மூணு மாசப் பேக்கேஜ் எடுங்க சார்" என்றார்கள். ட்யூப்கள், பவுடர், சோப்பு எல்லாம் சேர்த்து பாதி மாதச் சம்பளம். யோசிக்காமல் கட்டினேன்.

மூன்றாவது வாரம் இரண்டு நாள் தடவ மறந்தேன். அரிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பியது. தடவினால் அடங்கும், விட்டால் எரியும். இப்படியே மாதங்கள் ஓடின. வட்டம் வட்டமாக இல்லாமல் போனது. மேடிட்டிருந்த ஓரம் கரைந்தது, செதில் குறைந்தது, அங்கங்கே சின்னச் சின்னப் பருக்கள். திட்டு பின்பக்கமும் இடுப்புக்கும் ஏறியது. அப்புறம் தொடை மடிப்பில் நீளநீளமாகச் சிவந்த கோடுகள் விழ ஆரம்பித்தன.

இதைச் சொன்னபோது வந்த பதில்களை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. முதலில், "உள்ளே இருக்கிற நச்சு வெளியேறுது சார், நல்ல அறிகுறிதான்." அடுத்த தடவை, "நீங்க தொடர்ந்து தடவலை." பணத்தைத் திருப்பிக் கேட்டதும், திறந்த ட்யூபுக்குப் பணம் தர முடியாது என்றார்கள். திறக்காத ட்யூப்களைத் திருப்பித் தருகிறேன் என்றேன். நாள் கடந்துவிட்டதாம். கடைசியில் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். இரண்டு நாளில் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. ஒருவர்கூடப் பேசவில்லை. பாதி மாதச் சம்பளம்!

நேற்று மருத்துவர் முதலில் க்ரீம் ட்யூபைத்தான் கேட்டார். பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று, மூன்றாவதாக குளோபெட்டசால். நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன். குளோட்ரிமசோல் பூஞ்சைக்கான மருந்து என்று எங்கோ கேட்ட நினைவில் இதுவும் அந்த வகைதான் என்று நினைத்துக்கொண்டேன். பெயர்தான் ஒன்றுபோல் ஒலிக்கிறது. குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு.

அரிப்பும் சிவப்பும் பூஞ்சையோடு நம் உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. அரிப்பு போய்விடும், பூஞ்சை தடையில்லாமல் பரவும். அடையாளமே அழிந்துபோவதால் பிறகு பார்ப்பவருக்கும் இது படர்தாமரை என்று சட்டென்று தெரியாது. மடிப்புகளில் தோல் ஏற்கெனவே மெல்லியது, வியர்வையும் உரசலும் சேர்ந்து மருந்தை இன்னும் உள்ளே இழுக்கும். என் தொடையில் விழுந்த கோடுகளின் நிறம் மங்கலாம், முழுசாக மறையாது என்றார். ஆலோசகர் பூஞ்சை என்று சரியாகத்தான் சொன்னார். சரியாகச் சொல்லிவிட்டு இதை விற்றார்கள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

என் விஷயத்தில் அடையாளம் குழம்பிவிட்டதால் மருத்துவர் கண்ணை மட்டும் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் செதில் இருந்த ஓரத்தில், நடுவில் அல்ல, மழுங்கிய பிளேடால் மெதுவாகச் சுரண்டினார். கண்ணாடித் தகட்டில் வெள்ளைத் தூளாக விழுந்தது. அதன் மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு. அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சையைக் கரைக்காது. கொஞ்ச நேரம் கழித்து நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். மங்கலான பரப்புக்குக் குறுக்கே கிளை பிரிந்து ஓடும் மெல்லிய நூல்கள். நான் மாதக்கணக்கில் வளர்த்தது அதைத்தான். வலியே இல்லாத இந்தச் சோதனை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

பிறகு கால் விரல்களைப் பார்த்தார். கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் உரிந்து வெளுத்திருந்தது. அதே பூஞ்சை அங்கிருந்து ஏறியிருக்கக்கூடும் என்றார். எந்த ஆலோசகரும் காலைக் காட்டச் சொல்லவே இல்லை. இப்போது மாத்திரையும் பூச்சு மருந்தும் சேர்த்து எழுதியிருக்கிறார்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

மடிப்பில் வரும் எல்லாச் சிவப்பும் படர்தாமரை இல்லை. ஈரமாக, ரத்தச் சிவப்பாக இருந்து, ஓரத்துக்கு வெளியே தனித்தனியாகச் சின்னக் கொப்புளங்கள் தெறித்திருந்தால், விதைப்பையும் சிவந்திருந்தால், அது கேண்டிடா என்கிற வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். பழுப்பாக, நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி, அரிப்பு அதிகம் இல்லாமல் இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

ட்யூபின் பின்னால் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஸ்டீராய்டு இருந்தால், மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் தடவாதீர்கள். ஏற்கெனவே தடவிக்கொண்டிருந்தால் அவரிடம் ட்யூபோடு போங்கள். எதையும் தடவுவதற்கு முன் ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள், அந்த முதல் வட்டம் பிறகு கிடைக்காது. அரிப்பு நின்றதும் பூஞ்சை மருந்தை நிறுத்தாதீர்கள், சொன்ன நாள் வரை தடவுங்கள். காலிலும் இருந்தால் உள்ளாடைக்கு முன்னால் சாக்ஸைப் போடுங்கள், இல்லாவிட்டால் காலில் இருப்பது துணியோடு மேலே வந்துவிடும்.