30 இலட்சமா, 36 இலட்சமா? ஒரு சம்பளக் கடிதத்தின் இரண்டு தெரிவுகள்

திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு மென்பொருள் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள் என் மருமகள். இந்த வருட மதிப்பீட்டுக் கடிதத்தில் அவளுக்கு இரண்டு தெரிவுகள் வந்திருக்கின்றன. முதலாவதன் சி.டி.சி. வருடத்துக்கு 30 இலட்சம் ரூபா, இரண்டாவதன் சி.டி.சி. 36 இலட்சம். "மாமா, ஆறு இலட்சம் கூடத்தானே, இதில யோசிக்க என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

சி.டி.சி. என்பது அவளுக்காகக் கம்பெனி கணக்கில் எழுதும் செலவு, அவள் கைக்கு வரும் பணம் அல்ல. கம்பெனி கட்டும் 12 சதவீத ஊழியர் சேமலாப நிதியும் 3 சதவீத நம்பிக்கை நிதியமும் அதற்குள்தான் இருக்கின்றன. அதனால் முதலில் அடிப்படைச் சம்பளத்தைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

முதல் தெரிவில் அது மாதம் 200,000. அவளுடைய பங்கான 8 சதவீத சேமலாப நிதி 16,000 கழியும். 2025 ஏப்ரலில் வந்த முறைப்படி மாதம் 150,000 வரை வரியில்லை, மிஞ்சிய 50,000க்கு 6 சதவீதம், அதாவது 3,000. கைக்கு 181,000 வரும். இரண்டாவதில் அடிப்படை 160,000தான். அதே கழிவுகள் போகக் கைக்கு வருவது 146,600. ஆறு இலட்சம் பெரிய தெரிவு மாதாமாதம் 34,400 ரூபா குறைவாகத் தருகிறது!

சரி, அந்த மிச்சம் எங்கே போனது? ஒரு பகுதி மாறும் ஊதியத்தில் இருக்கிறது. முதலாவதில் வருடத்துக்கு 240,000, இரண்டாவதில் 492,000. இரண்டுமே இலக்குத் தொகைகள். கடிதத்தின் பின்னிணைப்பில் சின்ன எழுத்தில் இருப்பது இது: இலக்கை கம்பெனியின் அடைவாலும் அவளுடைய மதிப்பெண்ணாலும் பெருக்குவார்கள், கொடுக்கும் நாளில் வேலையில் இருப்பவருக்கே கொடுப்பார்கள். அவள் முழு மதிப்பெண் எடுத்தும் கம்பெனி 70 சதவீதம்தான் எட்டியது என்று வைத்துக்கொண்டால், வரி போக முதலாவதில் சுமார் 158,000, இரண்டாவதில் சுமார் 324,000. வருட முழுக்கணக்கில் இரண்டாவது தெரிவு ஏறத்தாழ 247,000 ரூபா பின்னால் நிற்கிறது. அடிப்படை குறைவதால் இரண்டு நிதிகளிலும் சேரும் பணமும் 110,400 குறையும். ஆக மொத்தம் வருடத்துக்குச் சுமார் 357,000 ரூபாவை அவள் விட்டுக்கொடுக்கிறாள். ஐந்து வருடம் முடித்தால் கிடைக்கும் பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் கணிக்கப்படும், அதிலும் குறைவுதான்.

இவ்வளவையும் கொடுத்து அவள் வாங்குவது பங்கு விருப்புரிமை, அதாவது கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்குப் பின்னாளில் வாங்கும் உரிமை. 6,000 விருப்புரிமைகள், ஒன்றைப் பங்காக மாற்றுவதற்கு 400 ரூபா. கடைசி முதலீட்டுச் சுற்றில் பங்கு 1,000 ரூபாவுக்குப் போனதால் வித்தியாசம் 600 என்று கணக்கிட்டு, மொத்தம் 36 இலட்சத்தை நான்கு வருடத்துக்குப் பிரித்து, வருடம் 9 இலட்சம் என்று சி.டி.சி.யில் சேர்த்திருக்கிறார்கள். இந்தக் கணக்குத்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. முதலீட்டாளர் வாங்குவது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு, கம்பெனி விற்கப்படும்போது அவர்களுக்குத்தான் முதலில் பணம். ஊழியருக்குக் கிடைப்பது சாதாரணப் பங்கு, அதற்கு அதே 1,000 ரூபா விலை கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. கம்பெனி பங்குச் சந்தையிலும் இல்லை, எனவே வாங்க ஆள் வேண்டும். முதல் வருடம் முடிவதற்குள் விலகினால் ஒன்றுமே இல்லை, அதற்குப் பிறகுதான் மாதாமாதம் உரித்தாகும்.

நான்கு வருடம் இருந்தால் அவள் விட்டுக்கொடுப்பது சுமார் 14.3 இலட்சம், அதாவது விருப்புரிமை ஒன்றுக்கு 238 ரூபா. 400ஐயும் கூட்டினால், பங்கு குறைந்தது 640 ரூபாவுக்காவது உண்மையாக விற்றால்தான் போட்டது திரும்பும். வரியை இதில் நான் சேர்க்கவில்லை. பங்காக மாற்றும் நாளிலேயே சந்தைப் பெறுமதிக்கும் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகிவிடும். விற்காமலே வரி கட்ட வேண்டி வரலாம்.

என் தீர்ப்பு முதல் தெரிவுக்குத்தான். அவள் வீட்டுக் கடன் எடுக்க நினைக்கிறாள், வங்கி பார்ப்பது மாதாமாதம் உறுதியாக வரும் சம்பளத்தை. ஆனால் நிறுவனம் வேகமாக வளருகிறது என்று உள்ளே இருக்கும் அவளுக்குத்தான் தெரியும், அதை நான் தள்ளிவிடமாட்டேன். இரண்டாவதை எடுப்பதென்றால் மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன்: மொத்தப் பங்குகள் எத்தனை, சாதாரணப் பங்கின் கடைசி மதிப்பீடு என்ன, மாறும் ஊதியம் போன வருடம் இலக்கில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், வேலையை விட்டால் பங்காக மாற்ற எத்தனை நாள் தருவார்கள். கடைசிக் கேள்விக்கு 90 நாள் என்று பதில் வந்தால், முழுவதும் உரித்தானபின் விலகும்போது அந்த மூன்று மாதத்துக்குள் 24 இலட்சம் ரூபாவை அவள் கையில் வைத்திருக்க வேண்டும்.