350 ரூபாய் கொடுத்துக் காதை அடைத்துக்கொண்ட கதை

கோயம்பேடு சந்தைக்குப் பின்புறம் குடியிருக்கிறேன். நள்ளிரவுக்குப் பிறகுதான் காய்கறி லாரிகள் வரத் தொடங்கும். தூக்கம் கெட்டுப் போய், பக்கத்து மருந்துக்கடையில் சிலிகான் இயர்பிளக் வாங்கினேன். மூன்று குடைகளை அடுக்கியது போன்ற வடிவம். பெட்டியில் "40 டெசிபெல்" என்று அச்சிட்டிருந்தது. "எல்லாக் காதுக்கும் ஒரே அளவுதான் சார், அசையாத வரைக்கும் உள்ளே தள்ளுங்கள்" என்றார் கடைக்காரர். நானும் தள்ளினேன்.

பத்தாம் நாள் காலையில் பிளக்கை எடுத்த பிறகும் வலது காது திறக்கவில்லை. தண்ணீருக்குள் இருப்பது போல ஒரு மந்தம். காதுமடலை இழுத்தால் வலி. பட்ஸால் குடைந்தேன், மந்தம் இன்னும் கூடியது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, "குறும்பியை நீங்களே இடித்து உள்ளே கெட்டித்திருக்கிறீர்கள்" என்றார். குறும்பி காதுத் துளையின் வெளிப்பகுதியில்தான் சுரக்கிறது. தானாக வெளியே நகர்ந்து உதிர்ந்துவிடும். என் காதுக்குப் பெரிதான அந்தக் குடைகள் தினமும் இரவில் அதைத் திருப்பி உள்ளே அனுப்பியிருக்கின்றன, துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பது போல. உரசலில் தோலும் புண்ணாகியிருந்தது. செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே சொட்டு மருந்து எழுதினார். ஊறிய பின் அவரே எடுத்துவிட்டார்.

அந்த 40 டெசிபெல்லும் புளுகுதான். நல்ல நுரை இயர்பிளக்குக்கே அமெரிக்க முறை ஆய்வகக் கணக்கு அதிகபட்சம் 33 டெசிபெல்தான். நம் கையால் வைக்கும்போது அதுவும் குறையும்.

காது ஆறிய பிறகு, மருத்துவர் சொன்னபடி மெத்தென்ற நுரை பிளக்கில் சிறிய அளவு வாங்கினேன். குளித்த ஈரம் காய்ந்த பிறகு, கழுவித் துடைத்த விரல்களால் அதை மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த துளை நேராகும். அப்போது நுழைத்து, அரை நிமிடம் விரலை எடுக்காமல் வைத்திருந்தால் நுரை தானே விரிந்து அடைக்கும். தள்ளவே வேண்டாம். பிளக்கின் வெளி நுனி விரலுக்கு அகப்பட வேண்டும். ஆனால் ஒருக்களித்துப் படுத்தால் தலையணையில் இடிக்கவும் கூடாது. காலையில் வெடுக்கென்று இழுக்காமல் திருகித் திருகி எடுக்கிறேன், இறுக அடைத்ததைச் சட்டென உருவினால் செவிப்பறை வலிக்கும். அழுக்கேறினாலோ, உருட்டியது மெல்ல விரியாமல் போனாலோ குப்பையில் போட்டுவிடுகிறேன்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. "காதில் வைத்ததை எப்படி எடுத்துக்கொள்வது?" என்றார். அது மட்டும் நியாயம்தான். லாரி பின்னோக்கி வரும் சத்தம் இப்போதும் கேட்கிறது, அடுத்த தெருவில் வருவது போல.