குறிப்பிலிருந்து பிரிவுரை: எழுத்து நடையா, பேச்சு நடையா?

கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெறும் அக்காவுக்கு மூன்று நிமிடம் பேச வேண்டும். கையில் இருக்கும் குறிப்பு இவ்வளவுதான்: "22 ஆண்டு. தணிக்கை நேரம், இரவு வரை வேலை. புதியவர்களுக்கு உதவி. குரல் உயர்த்தியதே இல்லை." இதை உரையாக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, குறிப்பை அப்படியே எழுத்து நடையில் கோப்பது.

"22 ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் பணியாற்றி, தணிக்கைக் காலங்களில் இரவு வரை உழைத்து, புதியவர்களுக்கு வழிகாட்டி, எவரிடமும் குரல் உயர்த்தாதவராகத் திகழ்ந்தார்."

பிழை இல்லை. ஆனால் உழைத்து, வழிகாட்டி என்று எச்சங்கள் நீண்டுகொண்டே போக, கேட்பவர் கடைசி வினைக்காகக் காத்திருக்க வேண்டும். படிப்பவருக்கு மூச்சு முட்டும். இன்னொரு சிக்கல் பெரியது: எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி "திகழ்ந்தார்" என்றால் அது இரங்கல் செய்தி போல ஒலிக்கிறது.

இரண்டாவது, பேசுவதை அப்படியே எழுதுவது.

"இருபத்திரெண்டு வருஷம். ஒரே பிரிவு. நான் சேர்ந்த புதுசு, தணிக்கைக்கு முந்தின நாள். ஒரு தொகையைத் தப்பா ஏத்திட்டேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு பக்கத்துல உட்கார்ந்தாங்க. 'வா, முதல்ல இருந்து பார்ப்போம்'னாங்க. முடிக்க ராத்திரி பத்து மணி ஆச்சு."

குறிப்பின் நான்கு செய்திகளும் இதில் வந்துவிட்டன. "குரல் உயர்த்தியதில்லை" என்று தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை, சம்பவமே அதைக் காட்டிவிடுகிறது. வாக்கியத்துக்கு ஒரு வினை என்பதால் நிறுத்தும் இடமும் தானாகக் கிடைக்கிறது. எண்ணை எழுத்தால் எழுதினால் வாய் தடுமாறாது.

இதன் குறை, கண்ணுக்குப் பழகாத எழுத்துக்கூட்டல். எல்லாச் சொல்லையும் ஒலிப்படி எழுதினால் படிக்கும்போது திக்கும். அதனால் வினைமுடிவையும் உருபையும் மட்டும் மாற்றுவேன்: உட்கார்ந்தாங்க, பக்கத்துல. "நாற்காலி", "தணிக்கை" போன்ற பெயர்ச்சொற்களை வழக்கம்போலவே எழுதுவேன்.

மூன்றாவது, எழுத்து நடையில் சின்ன வாக்கியங்களாக எழுதிவைத்து, மேடையில் பேச்சுக்கு மாற்றிக்கொள்வது. மேடை பழகியவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்குப் பதற்றத்தில் வாய் தாளையே பின்பற்றும். "அவங்க வந்தார்கள்" என்று இரண்டும் கலந்துவிடும்.

நான் இரண்டாவதையே எடுப்பேன். முதல் வணக்கம் மட்டும் எழுத்து நடையில் இருக்கட்டும், சபைக்கு அதுதான் பொருந்தும். நிதானமாகப் பேசினால் எனக்கு நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் போகிறது. அப்படியென்றால் மூன்று நிமிடத்துக்கு 250 சொல் போதும்.

எழுதியதும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். எழுதியிருப்பது ஒன்றாகவும் வாய் சொல்வது வேறாகவும் இருந்தால், வாய் சொன்னதையே தாளில் எழுதுங்கள். கடைசி இரண்டு வரிகளைத் தாளைப் பார்க்காமல் அவரிடமே திரும்பிச் சொல்ல வேண்டும்:

"அக்கா, அடுத்த தணிக்கைக்கும் தப்பு பண்ணுவேன். போன் பண்ணட்டுமா?"