படத்தில் அச்சான சமன்பாடா, படத்தில் ஓடும் கோடா? காலிப்ரேஷன் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து செறிவு காணும் மூன்று வழிகள்

தண்ணீரில் பாஸ்பேட் அளக்கும் ஆய்வகங்களில் திட்டக் கரைசல்களை வைத்துக் காலிப்ரேஷன் கோடு போடுபவர் ஒருவராகவும், மாதிரியை அளப்பவர் இன்னொருவராகவும் இருப்பது சாதாரணம். முன்னவர் எக்செல்லில் வரைந்த கோட்டை ஸ்கிரீன்ஷாட்டாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். பின்னவர் கையில் அந்தப் படமும், தன் மாதிரிக்குக் கருவி காட்டிய அப்சார்பன்ஸ் எண்களும் மட்டுமே இருக்கும். இந்த நிலையில் மாதிரியின் செறிவைக் காண மூன்று வழிகள் உள்ளன: படத்தின் மேல் அச்சாகியிருக்கும் சமன்பாட்டில் எண்ணைப் போடுவது, படத்திலுள்ள கோட்டிலிருந்தே படித்தெடுப்பது, திட்டக் கரைசல்களின் அளவீடுகளைக் கேட்டு வாங்கிப் புதிதாகக் கோடு பொருத்துவது. மூன்றையும் பயன்படுத்திய பிறகு நான் மூன்றாவதற்கு மாறிவிட்டேன். அளவீடுகள் கிடைக்காவிட்டால், முதல் வழியைவிட இரண்டாவதையே நம்புகிறேன். இது பலருக்கு வியப்பாக இருக்கலாம் என்பதால், காரணத்தை ஓர் உதாரணத்தோடு விரிவாகச் சொல்கிறேன்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மோனியம் மாலிப்டேட்டும் பொட்டாசியம் ஆன்டிமோனைல் டார்ட்ரேட்டும் அமில ஊடகத்தில் பாஸ்பேட்டோடு சேர, அஸ்கார்பிக் அமிலம் அதை ஒடுக்கி நீல நிறமாக்குகிறது. வினைப்பொருளைச் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குப் பின், அரை மணிக்குள், 880 நானோமீட்டரில் அளவு எடுக்கிறோம். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் கிடைத்த அளவீடுகள் இவை. செறிவு லிட்டருக்கு மைக்ரோகிராம் பாஸ்பரஸ் என்ற அலகில் உள்ளது.

| திட்டக் கரைசல் | அப்சார்பன்ஸ் |
|---|---|
| 0 | 0.005 |
| 200 | 0.139 |
| 400 | 0.272 |
| 600 | 0.400 |
| 800 | 0.535 |
| 1000 | 0.665 |

இதை எக்செல்லில் வரைந்து, டிரெண்ட்லைனைச் சேர்த்து, சமன்பாட்டையும் காட்டச் சொன்னால் படத்தில் தோன்றுவது இதுதான்:

```
y = 0.0007x + 0.0063
R² = 1
```

மாதிரியை 10 மில்லி எடுத்து 50 மில்லியாக நீர்த்து அளந்தபோது 0.297, 0.299, 0.298 என மூன்று எண்கள் வந்தன, சராசரி 0.298. அச்சான சமன்பாட்டில் இதைப் போட்டால் (0.298 − 0.0063) / 0.0007, அதாவது 416.7 கிடைக்கிறது. ஐந்தால் பெருக்கினால் மூல மாதிரியில் லிட்டருக்கு 2.08 மில்லிகிராம். கணக்கு சுத்தமாக இருக்கிறது, R² ஒன்று என்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் உண்மையான விடை 442.4, அதாவது மூல மாதிரியில் 2.21 மில்லிகிராம். ஏறக்குறைய ஆறு சதவீதம் குறைத்துச் சொல்லியிருக்கிறோம்.

தவறு எங்கே நுழைந்தது என்று பார்த்தால், அது வேதியியலிலும் இல்லை, அளவெடுத்ததிலும் இல்லை. பொருத்தப்பட்ட கோட்டின் சாய்வு உண்மையில் 0.00065943. எக்செல் தன் இயல்பான அமைப்பில் நான்கு தசம இடங்களோடு நிறுத்திக்கொள்வதால், படத்தில் அது 0.0007 ஆகிவிடுகிறது. நான்கு தசம இடம் என்றதும் துல்லியமாகத் தோன்றும். ஆனால் இந்த எண்ணில் முதல் மூன்று இடங்களும் பூஜ்யமாகிப் போனதால் மிஞ்சியிருக்கும் முக்கிய எண்ணுரு ஒன்றே ஒன்றுதான். செறிவைக் காணச் சாய்வால் வகுக்கிறோம் என்பதால், சாய்வில் எத்தனை சதவீதம் பிழையோ அத்தனை சதவீதம், எல்லா மாதிரிகளுக்கும் ஒரே திசையில், விடையிலும் வந்து சேர்கிறது. மூன்று முறை அளந்து சராசரி எடுப்பதால் இது குறையாது. நூறு முறை அளந்தாலும் குறையாது. வெட்டுத்துண்டும் இதேபோல்தான் முழுமையாக்கப்பட்டிருக்கிறது, ஆனால் 0.0062857 என்பது 0.0063 ஆனதால் விடையில் நேரும் மாற்றம் 0.02 மைக்ரோகிராம்தான். ஆகவே அஞ்ச வேண்டியது சாய்வை மட்டுமே.

சமன்பாடு முழுமையாக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் படத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அச்சான சமன்பாட்டில் x = 1000 என்று போட்டுப் பாருங்கள்; 0.7063 வருகிறது. ஆனால் படத்தில் கடைசிப் புள்ளியும், அதன் வழியே செல்லும் கோடும் 0.67-க்குக் கீழேதான் நிற்கின்றன. சமன்பாடு சொல்வதும் கோடு காட்டுவதும் வேறு வேறாக இருந்தால், கோட்டைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் எக்செல் கோட்டை வரையும்போது சுருக்காத எண்ணைப் பயன்படுத்துகிறது. எழுதிக் காட்டும்போது மட்டுமே சுருக்குகிறது. R² விஷயமும் இப்படித்தான். அது உண்மையில் 0.99996, நான்கு இடங்களுக்குச் சுருங்கியதால் ஒன்றாகத் தெரிகிறது.

இதனால்தான் இரண்டாவது வழி, அதாவது படத்திலிருந்தே படித்தெடுப்பது, கேட்பதற்குக் கரடுமுரடாகத் தோன்றினாலும் இங்கே முதல் வழியை வென்றுவிடுகிறது. 0.298 என்ற உயரத்தில் ஒரு அளவுகோலைக் கிடையாக வைத்து, கோட்டைத் தொடும் இடத்திலிருந்து கீழே இறங்கினால், 440 என்றோ 450 என்றோ படிப்போம். வெறும் கண்ணால் படித்த இந்த எண்ணே 416.7-ஐவிட உண்மைக்கு நெருக்கமானது. இன்னும் கவனமாகச் செய்ய வேண்டுமென்றால் WebPlotDigitizer போன்ற இலவசக் கருவியில் படத்தை ஏற்றி, இரண்டு அச்சுகளிலும் தெரிந்த மதிப்புள்ள இரண்டிரண்டு இடங்களைச் சுட்டிக்காட்டி, கோட்டின் இரு முனைகளைக் குறிக்கலாம். எனக்கு x = 0 இல் 0.007, x = 1000 இல் 0.666 கிடைத்தன. சாய்வு 0.000659, விடை 441.6. வரைபடத்தில் 0 முதல் 0.7 வரையிலான உயரம் 350 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.002 அப்சார்பன்ஸுக்குச் சமம், அது செறிவில் சுமார் 3 மைக்ரோகிராம். எனவே பிக்சல் ஒன்றிரண்டு தவறினாலும் இழப்பு ஒன்றரை சதவீதத்துக்குள் நின்றுவிடும். படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி மங்கியிருந்தாலோ, யாராவது திரையை மொபைலில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தாலோ இந்த உத்தரவாதம் கிடையாது.

கோட்டைக் குறிக்காமல் புள்ளிகளைக் குறிப்பதாக இருந்தால் ஒரு சிறு யோசனை: திட்டக் கரைசல்களின் செறிவு நமக்கு ஏற்கனவே தெரியும் என்பதால், x மதிப்புகளைப் படத்திலிருந்து எடுக்காமல் 200, 400 என்று நேரடியாகத் தட்டச்சு செய்துவிட்டு, உயரத்தை மட்டும் படத்திலிருந்து எடுங்கள்.

ஆனாலும் நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழியைத்தான். ஆறு எண்களைக் கேட்டு வாங்கித் தட்டச்சு செய்ய இரண்டு நிமிடம் ஆகும். செறிவுகள் A நிரலிலும், அப்சார்பன்ஸ் B நிரலிலும், மாதிரியின் மூன்று அளவீடுகள் D நிரலிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், கீழுள்ள முதல் இரண்டு சூத்திரங்களை E1, E2 கட்டங்களில் இட வேண்டும்:

```
=SLOPE(B2:B7,A2:A7)
=INTERCEPT(B2:B7,A2:A7)
=(AVERAGE(D2:D4)-E2)/E1
=STEYX(B2:B7,A2:A7)
```

SLOPE சூத்திரத்தில் அப்சார்பன்ஸ் முதலில் வர வேண்டும். மாற்றிப் போட்டால் 0.00066-க்குப் பதில் 1516 என்று வரும் என்பதால் உடனே தெரிந்துவிடும். மூன்றாவது வரி 442.4 தருகிறது. நான்காவது வரிதான் மற்ற இரண்டு வழிகளிலும் எளிதில் கிடைக்காத லாபம். புள்ளிகள் கோட்டிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அது சொல்கிறது. இங்கே அது 0.0017. மாதிரியை மூன்று முறை அளந்தோம், திட்டக் கரைசல்கள் ஆறு என்பதையும் சேர்த்து வழக்கமான வாய்ப்பாட்டில் கணக்கிட்டால், 95 சதவீத நம்பிக்கை எல்லை 442-க்கு இருபுறமும் சுமார் 5 மைக்ரோகிராம். அச்சான சமன்பாடு நம்மை இழுத்துச் சென்ற தூரம் 26 மைக்ரோகிராம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அளவீட்டில் இருந்த மொத்தத் தடுமாற்றத்தைப்போல் ஐந்து மடங்கை ஒரு எண்ணைச் சுருக்கியே இழந்திருக்கிறோம்.

கோடு போட்டு அனுப்புபவரின் கையில்தான் இதற்கான எளிய மருந்து இருக்கிறது. டிரெண்ட்லைன் சமன்பாட்டின் மேல் வலது சொடுக்கு செய்து, எண் அமைப்பை அறிவியல் குறியீட்டுக்கு மாற்றினால் போதும். அதுவும் வேண்டாமென்றால், செறிவை மைக்ரோகிராமுக்குப் பதில் மில்லிகிராமில் எழுதி, 0.2, 0.4 என்று வரையலாம். அப்போது அதே எக்செல், அதே இயல்பான அமைப்பில், y = 0.6594x + 0.0063 என்று காட்டும். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் முதல் வழியே 0.442 மில்லிகிராம் என்ற சரியான விடையைத் தந்துவிடும். ஆகவே முதல் வழியை நான் முழுவதுமாக ஒதுக்கவில்லை. சாய்வில் மூன்று முக்கிய எண்ணுருக்களாவது இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம்.

எந்த வழியானாலும் படம் சொல்லாத இரண்டு செய்திகளை அனுப்பியவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஒன்று, x அச்சில் இருப்பது பாஸ்பரஸா, பாஸ்பேட்டா என்பது. இரண்டுக்கும் இடையே 3.07 மடங்கு வித்தியாசம். மற்றொன்று, திட்டக் கரைசல்களின் எண்களிலிருந்து பிளாங்க் கழிக்கப்பட்டதா என்பது. கழிக்காத கோட்டில், பிளாங்க் கழித்த மாதிரி எண்ணைப் போட்டால், வெட்டுத்துண்டு வழியாக அதே பிளாங்க் இரண்டாம் முறையும் கழிந்துவிடும். இந்தக் கோட்டில் அது 7 அல்லது 8 மைக்ரோகிராம். 442-இல் இது பெரிதல்ல, ஆனால் 40 மைக்ரோகிராம் மாதிரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

இங்கே சொன்னதெல்லாம் நேர்கோட்டுக்குத்தான். இருபடிக் கோடு பொருத்திய ஸ்கிரீன்ஷாட்டுகளை நான் அதிகம் கையாண்டதில்லை. அங்கே x²-இன் கெழு இன்னும் சிறியது என்பதால் சுருக்கும் பிழை கூடுதலாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அளவீடுகளை வாங்காமல் அதில் இறங்க மாட்டேன். மாதிரியின் அப்சார்பன்ஸ் 0.665-ஐத் தாண்டினால் எந்தக் கோட்டையும் நீட்டாமல் மீண்டும் நீர்த்து அளப்பதே முறை. படம் நேற்றையதோ போன வாரத்தையதோ என்றால், இன்று தயாரித்த வினைப்பொருளோடு 400 மைக்ரோகிராம் திட்டக் கரைசல் ஒன்றை மாதிரிகளோடு சேர்த்து ஓட்டுகிறேன். அது 0.270-ஐ ஒட்டி வந்தால் அந்தக் கோட்டைப் பயன்படுத்துகிறேன், 0.25 என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட்டை மூடிவிட்டு ஆறு குடுவைகளை எடுக்கிறேன்.